பெயர் கடைசியில் வரட்டும்

மாலை 7.15. மண்டபம் முக்கால்வாசி நிறைந்துவிட்டது. மேடையில் இரண்டு சிம்மாசன நாற்காலிகள் காலியாக இருக்கின்றன. மணப்பெண்ணுக்கு இன்னும் அலங்காரம் முடியவில்லை என்று மாடியிலிருந்து சேதி வந்திருக்கிறது. வரவேற்பு நிகழ்ச்சியின் தொகுப்பாளர் மைக்கை எடுத்து, கையிலிருக்கும் தாளைப் பார்த்துத் தொடங்குகிறார்.

“அலைகடலெனத் திரண்டு வந்திருக்கும் அன்பு உள்ளங்களே, ஆன்றோர்களே, சான்றோர்களே, உங்கள் அனைவருக்கும் இனிய மாலை வணக்கம். திருமணம் என்பது ஆயிரம் காலத்துப் பயிர். இரு மனங்கள் இணையும் இந்த இனிய விழாவிலே மணமக்களை வாழ்த்த வருகை தந்திருக்கும் உங்கள் அனைவரையும் இரு வீட்டார் சார்பாக வருக வருக என வரவேற்கிறோம்.”

குரல் நன்றாக இருக்கிறது. உச்சரிப்பில் குறையில்லை. ஆனால் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. முன்வரிசைப் பெரியவர்கள் பக்கத்து நாற்காலியில் விட்ட பேச்சைத் தொடர்கிறார்கள். சிலர் பந்தி ஆரம்பித்துவிட்டதா என்று படிக்கட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டில் நாலு கல்யாணத்துக்குப் போய் வந்த எவருக்கும் இந்தக் காட்சி பழக்கமானதுதான்.

அந்தத் தாளை எடைபோட ஓர் எளிய சோதனை உண்டு. மணமக்களின் பெயர்களை மட்டும் மாற்றி, அடுத்த வாரம் இன்னொரு மண்டபத்தில் இதே தாளை வாசிக்க முடியுமா? முடியும் என்றால், இன்றைக்கு இங்கே வந்திருப்பவர்களுக்கென்று அதில் ஒரு வரிகூட இல்லை என்றுதான் பொருள். மேலே உள்ள வரவேற்புரையில் மாற்றுவதற்குப் பெயர்கூட இல்லை.

தொகுப்பாளரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. முகூர்த்த நாள் ஒன்றில் காலையில் ஓர் ஊர், மாலையில் இன்னோர் ஊர் என்று ஓடுகிறவர்கள் இவர்கள். மேடைக்கு அழைக்க வேண்டியவர்களின் பெயர்ப் பட்டியல் பல நேரம் நிகழ்ச்சி தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்புதான் கைக்கு வரும், அதுவும் ஏதோ ஒரு உறையின் பின்பக்கத்தில் கிறுக்கியபடி. அப்படிப்பட்ட நெருக்கடியில் வாய்க்குத் தயாராக இருக்கும் சொற்கள்தான் காப்பாற்றும்.

அந்தச் சொற்கள் வந்த வழியும் மதிப்புக்குரியது. 1928-ல் அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. புரோகிதரும் மந்திரமும் இல்லாத அந்தத் திருமண முறையில் தலைமை தாங்குபவரின் பேச்சும் வாழ்த்துரையும் நடுவிடத்துக்கு வந்தன. 1967-ல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவு சேர்க்கப்பட்டு, அத்தகைய திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு கிடைத்தது. கல்யாண மேடையில் ஒலிபெருக்கியும் அடுக்குமொழியும் வேரூன்றியதில் அந்த மேடைப் பேச்சு மரபுக்குப் பெரிய பங்குண்டு. சொல்வதற்குக் கருத்து இருந்த மேடை அது. கருத்து அங்கேயே நின்றுவிட, அடுக்குமொழி மட்டும் தாளில் தங்கி, வரவேற்பு நிகழ்ச்சிவரை வந்து சேர்ந்திருக்கிறது.

கல்யாண வீட்டில் மைக் பேச்சைக் கூட்டம் கேட்பதே இல்லை என்றும் சொல்ல முடியாது. மதுரை, சிவகங்கைப் பக்கம் விசேஷ வீடுகளில் மொய் வாசிப்பதைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். ஊர், பெயர், உறவு, தொகை. அலங்காரச் சொல் ஒன்றுகூட இருக்காது. சுருதி மாறாத குரலில் ஒருவர் வாசித்துக்கொண்டே போவார். ஆனாலும் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் கையை இலையில் வைத்தபடியே காதைத் தீட்டுவார். ஏனென்றால் அடுத்து வரப்போவது தன் சித்தப்பாவின் பெயராக இருக்கலாம். நலங்குப் பாட்டிலும் இதே சங்கதிதான். மெட்டு பழையது, வரிகள் பாதி பழையவை. மாப்பிள்ளையின் பெயரையும், அவர் தலையில் அன்றைக்குக் கட்டிய தலைப்பாகையையும், சம்பந்தி வீட்டார் தாமதமாக வந்ததையும் பாடுகிற அம்மாள் அந்த நேரத்தில் உள்ளே நுழைத்துவிடுவார். எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் பாட்டு வரும். வார்ப்பு இருக்கிறது, அதற்குள் ஆளைச் செருக இடமும் இருக்கிறது.

ஆகவே மாற்றி எழுதவேண்டியது தாளின் அலங்காரத்தை அல்ல. துணுக்குகளைச் சேர்ப்பதாலும் பயனில்லை. அந்தத் தாளுக்குள் இன்றைக்கு வந்திருக்கும் மனிதர்கள் நுழைவதற்கு வழிவிட வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று பார்க்க, ஒரு வரவேற்பு நிகழ்ச்சியை மாதிரிக்கு எடுத்துக்கொள்வோம்.

மதுரையில் ஒரு மண்டபம். பெண் வீட்டார் கோவில்பட்டிக்காரர்கள். பெண் கணக்கு ஆசிரியை. மாப்பிள்ளை வீட்டார் திண்டுக்கல். மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை, அப்பா மூன்றாண்டுகளுக்கு முன் காலமாகிவிட்டார். பெண்ணின் தாய்மாமாவுக்குக் கோவில்பட்டியில் கடலைமிட்டாய் தயாரிப்பு. அவர் பெயர் செந்தில்வேல் என்று வைத்துக்கொள்வோம். மாப்பிள்ளையின் அப்பத்தா, வயது 84, வேனில் வந்திருக்கிறார்.

வேலை ஒரு வாரத்துக்கு முன்பே, இரண்டு வீட்டுக்கும் தனித்தனியாகப் பேசும் தொலைபேசி அழைப்பில் தொடங்குகிறது. அரைமணி நேரம் போதும். ஆனால் கேட்கும் கேள்வி சரியாக இருக்க வேண்டும். “மாமாவைப் பத்திச் சொல்லுங்க” என்று கேட்டால், “ரொம்ப நல்லவர், எங்களுக்கு எல்லாமே அவர்தான்” என்று பதில் வரும். அதை மேடையில் சொன்னால் பழைய தாளில் இன்னொரு வரி கூடும், அவ்வளவுதான். பொருளையும் நேரத்தையும் தொட்டுக் கேட்டால் வேறு பதில் வரும். “பொண்ணு படிக்கிறப்ப பள்ளிக்கூடத்துக்கு யாரு கொண்டுபோய் விடுவாங்க? எதுல?” இந்தக் கேள்விக்கு, பத்தாம் வகுப்பு முழுக்க விடியற்காலை ஐந்து மணி டியூஷனுக்கு மாமாதான் சைக்கிளில் கூட்டிப்போனார் என்று பதில் கிடைக்கிறது. சைக்கிளும் ஐந்து மணியும் வேறு எந்தக் கல்யாணத்துக்கும் பொருந்தாது.

கேட்டதை இன்னொருவரிடம் சரிபார்ப்பதும் அவசியம். சைக்கிளில் விட்டது மாமாவா சித்தப்பாவா என்பதில் மேடையில் பிழை நேர்ந்தால், அந்தப் பேச்சு பத்து வருடத்துக்கு அடங்காது. அழைப்பை முடிக்கும்முன் ஒரு கேள்வி கட்டாயம்: “மைக்ல சொல்லக் கூடாதது ஏதாவது இருக்கா?” பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி, நின்றுபோன முந்தைய நிச்சயம், சமீபத்தில் நேர்ந்த சாவு எல்லாம் இந்தக் கேள்விக்குத்தான் வெளியே வரும். பெயர்களை எப்படி உச்சரிப்பது, யாரை எந்த உறவுமுறை சொல்லி அழைப்பது என்பதையும் அப்போதே குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே ஆளை ஒரு வீட்டில் பெரியப்பா என்பார்கள், அடுத்த வீட்டில் பெரிய ஐயா என்பார்கள்.

இனி வரவேற்புரை. புதிதாக எழுதினால் இப்படி வரலாம்:

“எல்லாருக்கும் வணக்கம். கோவில்பட்டியில இருந்து ரெண்டு பஸ் வந்து சேர்ந்தாச்சு. திண்டுக்கல்ல இருந்து மூணு வேன் கிளம்புச்சு, ரெண்டு வந்தாச்சு. மூணாவது வேன் வாடிப்பட்டி தாண்டிருச்சுன்னு இப்பதான் போன்ல சொன்னாங்க. கோவில்பட்டிக்காரங்க எந்தப் பக்கம் உக்காந்திருக்கீங்க?”

இங்கே நிறுத்த வேண்டும். பெரிய மண்டபங்களில் எதிரொலி அடங்கவே ஒரு நொடி ஆகும். அதற்குப் பிறகு இன்னும் ஒன்றிரண்டு நொடி காத்திருந்தால்தான் கூட்டத்திலிருந்து பதில் வரும். புதியவர்கள் அந்த அமைதிக்குப் பயந்து அடுத்த வரியை வாசித்துவிடுவார்கள். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போனால், இவர் நம்மிடம் பேசவில்லை என்பது கூட்டத்துக்குப் புரிந்துவிடும். அதற்குப் பிறகு எத்தனை கேள்வி கேட்டாலும் பதில் வராது.

பதில் வரலாம், வராமலும் போகலாம். தாளில் இரண்டுக்கும் வரி எழுதி வைத்திருக்க வேண்டும். கை தூக்கிச் சத்தம் போட்டால், “சரி, அப்ப திண்டுக்கல்?” என்று அடுத்த பக்கம் திரும்பலாம். யாரும் வாய் திறக்காவிட்டால், “பஸ்ல வந்த களைப்பு இருக்கும். மாடியில பந்தி ஆரம்பிச்சாச்சு, இன்னும் நாப்பது இடம் இருக்காம். சாப்பிட்டு வந்து பதில் சொல்லுங்க” என்று விட்டுவிடலாம். “சத்தம் பத்தலையே, இன்னொரு தடவை!” என்று வற்புறுத்துவதுதான் மிகப் பெரிய தவறு. வெகுதூரத்திலிருந்து பட்டுச்சேலையில் வந்து உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் கூலி கேட்பதுபோல் ஆகிவிடும் அது.

பந்தியில் எத்தனை இடம் காலி என்ற செய்தியை மண்டபமே கேட்கும். உணவுக்கூடத்தைக் கவனிப்பவரிடம் கால்மணிக்கு ஒருமுறை விசாரித்து அதை அறிவிக்கும் தொகுப்பாளரின் குரலுக்குக் கூட்டம் தானாகவே காது கொடுக்கப் பழகிவிடும். அவர் சொல்வதில் தனக்கு வேண்டியது இருக்கும் என்ற நம்பிக்கை வந்துவிடுவதுதான் காரணம்.

அடுத்து, மேடைக்கு ஆள் அழைப்பது. தொகுப்பாளரின் வேலையில் பாதி இதுதான். பழைய தாளில் இப்படி இருக்கும்: “அடுத்ததாக, மணமகளின் தாய்மாமா திரு. செந்தில்வேல் அவர்களை மேடைக்கு வருகை தந்து மணமக்களை வாழ்த்துமாறு அன்புடன் அழைக்கிறோம். பலத்த கரவொலி எழுப்பி அவரை வரவேற்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.”

இந்த இரண்டு வாக்கியங்களும் ஏன் வேலை செய்வதில்லை என்பதற்குச் சுவையான காரணம் ஒன்று உண்டு. மேக்ஸ் அட்கின்சன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் அரசியல் மேடைப் பேச்சுகளைப் பதிவுசெய்து, கைதட்டல் எந்த இடத்தில், எந்தச் சொல்லுக்குப் பின் தொடங்குகிறது என்று நுணுக்கமாகப் பார்த்தார். 1984-ல் அதை நூலாகவும் வெளியிட்டார். அவர் கண்டது இது: கூட்டத்தில் யாருக்கும் தனியாகக் கைதட்டப் பிடிக்காது. எல்லோரும் சேர்ந்து தட்டவேண்டிய இடம் எது என்பது முன்கூட்டியே தெரிந்தால்தான் தட்டுவார்கள். அந்த இடத்தைப் பேச்சின் அமைப்புதான் காட்டிக்கொடுக்க வேண்டும். ஒருவரை அறிமுகப்படுத்தும்போது அவரைப் பற்றி முதலில் சொல்லிவிட்டுப் பெயரைக் கடைசியில் வைத்தால், பெயர் விழுந்த கணத்தில் கை தானாக எழும். இரண்டாண்டுகள் கழித்து ஜான் ஹெரிடேஜும் டேவிட் கிரேட்பாட்சும் பிரிட்டிஷ் கட்சி மாநாடுகளின் 476 பேச்சுகளை ஆராய்ந்து, கைதட்டலில் பெரும்பகுதி இப்படிப்பட்ட சில பேச்சு அமைப்புகளைத் தொட்டே வருகிறது என்று காட்டினார்கள்.

தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் நிற்கும். “செந்தில்வேல் அவர்களை” என்று பெயர் நடுவில் வந்துவிடுகிறது. அதன்பின் “மேடைக்கு வருகை தந்து மணமக்களை வாழ்த்துமாறு அன்புடன் அழைக்கிறோம்” என்று ஏழு சொற்கள் இழுக்கின்றன. பெயரைக் கேட்டதும் தட்ட நினைத்தவர் வாக்கியம் முடியவில்லையே என்று காத்திருக்கிறார். வாக்கியம் முடியும்போது குரலும் இறங்கிவிடுகிறது, மாமாவும் பாதிப் படி ஏறிவிட்டார். தட்டவேண்டிய கணம் கடந்துவிட்டது. அதை ஈடுகட்டத்தான் “பலத்த கரவொலி” என்ற வேண்டுகோள் வருகிறது. வாக்கியம் தவறவிட்டதைக் கூட்டத்திடம் கேட்டு வாங்கவேண்டியிருக்கிறது.

திருப்பி எழுதிப் பார்ப்போம்.

“பொண்ணு பத்தாவது படிச்சப்ப, விடிகாலை அஞ்சு மணிக்கு டியூஷன். ஒரு வருஷம் முழுக்க சைக்கிள்ல வச்சுக் கூட்டிட்டுப் போனது யாருன்னு கேட்டேன். அப்பான்னு சொல்லுவாங்கன்னு நினைச்சேன். இல்லை. இன்னிக்குக் கோவில்பட்டியில கடலைமிட்டாய் அடுப்பை அணைச்சு வச்சுட்டு இங்க வந்திருக்காங்க. பொண்ணோட தாய்மாமா, திரு. செந்தில்வேல் அவர்கள்!”

பெயர்தான் கடைசிச் சொல். “அழைக்கிறோம்” இல்லை. “வாழ்த்துமாறு” இல்லை. தாய்மாமா மேடைக்கு வருவது எதற்கென்று யாருக்கும் விளக்கவேண்டியதும் இல்லை. சைக்கிள் என்றதுமே கோவில்பட்டிப் பக்கத்து நாற்காலிகளில் சிரிப்பும் சலசலப்பும் தொடங்கிவிடும், ஏனென்றால் அவர்களுக்கு ஆள் யாரென்று தெரியும். திண்டுக்கல்காரர்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள அவர்களுக்கு ஆவல் வந்துவிடும். பெயர் விழும்போது இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தட்டும்.

மரியாதை குறையாதா என்ற கவலை எழலாம். நியாயமான கவலைதான். “திரு”வும் “அவர்களு”ம் போய்விட்டால் முன்வரிசையில் முகம் சுளிப்பவர்கள் உண்டு. மாதிரியைப் பாருங்கள்: “வந்திருக்காங்க” என்று மரியாதைப் பன்மை இருக்கிறது, கடைசியில் “அவர்கள்” இருக்கிறது. பேச்சுத்தமிழில் கதை சொல்லி, பெயர் வரும் இடத்தில் எழுத்துத்தமிழுக்கு ஏறி முடிப்பது நல்ல வழி. முழுக்க எழுத்துத்தமிழில் வாசித்தால் கூட்டம் தள்ளி நிற்கும். முழுக்கப் பேச்சுத்தமிழில் போனால் வயதானவர்களைத் தோளில் கைபோட்டு அழைப்பதுபோல் ஆகிவிடும். எந்த இடத்தில் மாறுவது என்பதைத் தாளிலேயே குறித்து வைப்பது பாதுகாப்பு. இளைஞர்களாக இருந்தால் பெயர் மட்டும் போதும். அப்பத்தாவை அழைக்கும்போது பெயரே வேண்டாம்: “வேன்ல முன் சீட்டுதான் வேணும்னு கேட்டு வாங்கி உக்காந்து வந்தவங்க, மாப்பிள்ளையோட அப்பத்தா!”

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. மேடைக்கு வரும் அறுபது பேருக்கும் இப்படிக் கதை சொன்னால் நிகழ்ச்சி நள்ளிரவுவரை போகும். கதைகளின் மதிப்பும் போய்விடும். ஆறேழு பேருக்குப் போதும். மற்றவர்களுக்கு உறவும் பெயரும் மட்டும், பெயர் கடைசியில். யார் அந்த ஆறேழு பேர் என்பதை இரு வீட்டாரும் சொல்லட்டும். ஒரு பக்கம் நான்கு, மறுபக்கம் இரண்டு என்று வராமல் தொகுப்பாளர் பார்த்துக்கொள்ள வேண்டும். இதை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாக் கல்யாணத்திலும் இருக்கிறார்கள்.

தாளின் வடிவமும் மாறவேண்டும். பத்திபத்தியாகத் தட்டச்சு செய்த தாளைக் கையில் வைத்திருப்பவர் அதை வாசிக்கத்தான் செய்வார். கண் தாளில் இருக்கும்போது முன்வரிசையில் நடப்பது தெரியாது. அதற்குப் பதில் உள்ளங்கை அளவு அட்டைகள் வசதி. ஒரு நிகழ்வுக்கு ஓர் அட்டை. இடப்பக்கம் மாறாமல் சொல்லவேண்டியவை: பெயர், உறவு, ஊர், அந்த ஒற்றைத் தகவல். வலப்பக்கம் ‘நேர்ந்தால்’ என்று தலைப்பிட்டு, நடக்கக்கூடியவற்றுக்கான வரிகள். மணமக்கள் வரத் தாமதமானால் என்ன, மின்சாரம் போய் ஜெனரேட்டர் வரும்வரை என்ன, வாழ்த்த வந்த பெரியவர் மைக்கைத் திருப்பித் தராவிட்டால் என்ன, முக்கிய விருந்தினர் நடுவில் வந்தால் என்ன, குழந்தை மேடைக்கு ஓடி வந்தால் என்ன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி.

நம் மாதிரிக் கல்யாணத்தில் மணப்பெண்ணின் அலங்காரம் இருபது நிமிடம் தாமதம். பழைய தாளில் இதற்கு வழியே கிடையாது. “இன்னும் சற்று நேரத்தில்” என்பதை நான்கு முறை சொல்ல வேண்டியதுதான். அட்டையில் தயாராக இருப்பது வேறு. மணப்பெண் கணக்கு டீச்சர். அவருடைய மாணவிகள் சிலர் வந்திருப்பது பெண் வீட்டாரிடம் பேசியபோதே தெரியும். தொகுப்பாளர் கீழே இறங்கி அவர்களிடம் மைக்கை நீட்டுகிறார். “டீச்சர் கிளாஸ்ல அடிக்கடி சொல்ற வார்த்தை என்ன?” மாணவிகள் தங்களுக்குள் பார்த்துச் சிரித்து, ஒருத்தி சொல்கிறாள்: “ஸ்டெப்ஸ் எழுது, ஆன்சர் மட்டும் எழுதாத.” மண்டபம் சிரிக்கிறது. இதைத் தொகுப்பாளர் எழுதியிருக்க முடியாது. கேள்வியைத்தான் எழுத முடியும். பத்து நிமிடம் கழித்து மாப்பிள்ளையிடம் ஏதோ கேட்டு, அவர் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லும்போது, “டீச்சர் வீட்டுல ஸ்டெப்ஸ் எழுதணும்” என்று அந்தச் சொல்லைத் திருப்பிக் கொண்டுவந்தால், கூட்டம் முன்னதைவிடப் பெரிதாகச் சிரிக்கும். அந்த மாணவி தன் வாழ்நாளில் மறக்கமாட்டாள். கூட்டம் தந்ததைக் கூட்டத்துக்கே திருப்பிக் கொடுப்பதைவிட உயிருள்ள வரி தொகுப்பாளருக்குக் கிடைக்காது.

இலங்கை வானொலியில் பி.எச். அப்துல் ஹமீது நடத்திய ‘பாட்டுக்குப் பாட்டு’ பலருக்கு நினைவிருக்கும். விதி மாறாது, நேரம் மாறாது, ஆனால் போட்டியாளர் என்ன பாடப்போகிறார், எங்கே தடுமாறுவார் என்பது அறிவிப்பாளருக்கு முன்பே தெரியாது. வந்ததை வைத்துத்தான் அடுத்த சொல். கல்யாண மேடையில் அட்டையின் வலப்பக்கம் கேட்பது அந்தப் பழக்கத்தைத்தான்.

நகைச்சுவை என்றதும் சில வரிகள் எல்லாத் தொகுப்பாளர் வாயிலும் வந்துவிடுகின்றன. “இனிமே உங்க சுதந்திரம் போச்சு” என்று மாப்பிள்ளையிடம் சொல்வது, மாமியார் மருமகள் சண்டை, அடுத்த வருடம் இதே நாளில் தொட்டில், யார் யாரைவிட உயரம், யார் நிறம். இவற்றை வெட்டி எறிவதே நல்லது. அலுத்துப்போனவை என்பதைவிட, அவை மேடையில் நிற்பவரைக் காயப்படுத்தும். அவரால் அங்கிருந்து நகரவும் முடியாது. சிரித்தபடி நிற்பதைத் தவிர மணப்பெண்ணுக்கு வேறு வழியில்லை என்பதைப் புரிந்துகொண்டவர் அந்த வரியைச் சொல்லமாட்டார்.

கடினமான இடம் மாப்பிள்ளையின் அப்பாவைப் பற்றிப் பேசுவது. மேடை ஓரத்தில் மாலையிட்ட படம் இருக்கிறது. பழைய தாள் இப்படிச் சொல்லும்: “நம்மை விட்டு மறைந்தாலும் நம் நெஞ்சங்களில் என்றும் வாழ்ந்துகொண்டிருக்கும் தெய்வத்திரு…” பின்னால் சோக இசை. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறார், வீடியோக்காரர் அங்கே கேமராவைத் திருப்புகிறார். இது தவிர்க்க வேண்டிய கொடுமை. மாற்றி எழுதுவதற்கு முன் அம்மாவிடம் அனுமதி கேட்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். சரி என்றால், இசையில்லாமல் இரண்டு வாக்கியம் போதும். “மாப்பிள்ளையோட அப்பா ரயில்வேயில முப்பது வருஷம் வேலை பார்த்தவங்க. அவங்க கட்டியிருந்த வாட்ச்தான் இன்னிக்கு மாப்பிள்ளை கையில இருக்கு.” அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லக் கூடாது. கைதட்டச் சொல்லவும் கூடாது. மூன்று நொடி நின்றுவிட்டு, ஒளிப்பதிவாளருக்குப் புகைப்படம் எடுக்க இடம் கொடுத்துவிட்டு, அடுத்த அட்டைக்குப் போகலாம்.

கணவரை இழந்த அந்த அம்மாவை மேடைக்கு அழைப்பதா என்பதும் அதே தொலைபேசி அழைப்பிலேயே தெரிந்துகொள்ள வேண்டியது. வழக்கத்தை எண்ணிப் பின்னால் நிற்கும் அம்மாவை, மகன் முன்னால் நிறுத்த விரும்பலாம். அவரே கூச்சப்படலாம். அதைத் தொகுப்பாளர் மைக்கில் முடிவு செய்யக் கூடாது. மகனும் அம்மாவும் முன்பே பேசி வைத்திருந்தால், அந்த அட்டையில் ஒரே வரி: “மாலையை எடுத்துக் கொடுக்கப்போறவங்க, மாப்பிள்ளையோட அம்மா!” கல்யாணத்திலேயே பெரிய கைதட்டல் அதற்குத்தான் வரும், கேட்காமலேயே.

எல்லா வாய்பாட்டையும் மாற்றிவிட வேண்டுமா? இல்லை. மறுநாள் காலை முகூர்த்தத்தில் “கெட்டிமேளம், கெட்டிமேளம்” என்று ஒரு குரல் எழுந்ததும் தவிலும் நாகசுரமும் ஒன்றாக உயரும், அட்சதை பறக்கும். அந்தச் சொல் ஒரு சமிக்ஞை. அதைக் கேட்டு என்ன செய்வதென்று மண்டபத்தில் ஐந்து வயதுக் குழந்தைக்கும் தெரியும். அதைப் புதுப்பிக்க நினைப்பவர் கல்யாணத்தைக் கெடுப்பார். அந்த நேரத்தில் தொகுப்பாளரின் மைக் அணைந்திருக்க வேண்டும். “பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க” என்று ஒரு பெரியவர் தலையில் கைவைத்து வாழ்த்தும்போதும் அப்படியே. அவர் வாயில் அது பழையதாக இருப்பதில்தான் கனம் இருக்கிறது. தொகுப்பாளர் அதைத் தன் வரவேற்புரையில் கடன் வாங்கினால்தான் வெறும் ஒலியாகிறது.

மாற்றி எழுதியது பலித்ததா என்று அறிய வழி இருக்கிறது. கைப்பேசியில் நிகழ்ச்சியின் ஒலியை முழுக்கப் பதிவுசெய்து மறுநாள் கேட்க வேண்டும். கைதட்டல் வந்த இடங்களில், கேட்டு வந்தது எத்தனை, தானாக வந்தது எத்தனை என்று குறிக்கலாம். சிரிப்பு வந்த இடங்களில் அது தன் வரிக்கா, கூட்டத்திலிருந்து யாரோ சொன்னதற்கா என்று பார்க்கலாம். தான் கேள்வி கேட்டுவிட்டு எத்தனை நொடி காத்திருந்தோம் என்பது பதிவில் ஒளிவில்லாமல் தெரியும். முதல்முறை கேட்பவர்களுக்கு அது பெரும்பாலும் அரை நொடிதான். மேடையில் அது அரை நிமிடம்போல் தோன்றியிருக்கும்.

மணி 8.20. மணமக்கள் மேடையில் நிற்கிறார்கள், படம் எடுத்துக்கொள்ளும் வரிசை வாசல் கம்பளம்வரை நீண்டிருக்கிறது. ஜோடி விளையாட்டு என்று எழுதிய அட்டையைத் தொகுப்பாளர் அடியில் தள்ளிவிடுகிறார். வரிசையை நிறுத்திவைக்கும் நேரமல்ல இது. வாசலில் சலசலப்பு. பத்துப் பதினைந்து பேர் கையில் பைகளோடு, கசங்கிய உடையோடு, எங்கே உட்காருவது என்று தெரியாமல் உள்ளே நுழைகிறார்கள். வரவேற்பு அட்டையின் வலப்பக்கத்தில் இதற்கென்று ஒரு வரி முன்பே எழுதியிருக்கிறது. தொகுப்பாளர் மைக்கை எடுக்கிறார்.

“ஒரு நிமிஷம் எல்லாரும் வாசல் பக்கம் பாருங்க. வாடிப்பட்டி தாண்டி, இப்பதான் மண்டபத்துக்குள்ள வர்றாங்க. திண்டுக்கல் மூணாவது வேன்!”